மறு: ஆக்டிவ், பாசிவ் கேபிளுக்குத் தமிழில் என்ன?

மொழிபெயர்ப்பவர்:
புரொஜெக்டர் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். பாசிவ் எச்டிஎம்ஐ கேபிளுக்குச் 'செயலற்ற வடம்' என்று போட்டேன். பிழை பார்த்தவர், "செத்த கேபிளை எதற்கு விற்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டார். மாற்று சொல்லுங்களேன்.

இயற்பியல் ஆசிரியர்:
நீளம் கூடினால் சிக்னல் தேயும். ஆக்டிவ் கேபிளில் உள்ள சில்லு அதைப் பெருக்கும். 'பெருக்கி வடம்', 'வெறும் வடம்', முடிந்தது.

அரங்குகளுக்கு கேபிள் போடுபவர்:
ஐயா, வெறும் வடம் அருமை. பெருக்கிதான் இடிக்கிறது. செம்புக் கம்பி எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அளவில் தேய்ப்பதில்லை. மேலே போகப் போக இழப்பு அதிகம். அதனால் 0, 1 இரண்டும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அதை அப்படியே பெருக்கினால் குழப்பமும் சேர்ந்தே பெருகும். திரைப் பக்க முனையில் உள்ள சில்லு, தேய்ந்த உயர் அதிர்வெண்களை மட்டும் தூக்கிச் சமன்செய்கிறது. ஆகவே 'சமனாக்கி வடம்'.

போன மாதம் ஒரு மண்டபத்தில், குழாய்க்குள் 15 மீட்டர் வெறும் வடம். 1080-இல், 60 ஃபிரேமில் படம் சுத்தம். அப்போது ஒவ்வொரு தடத்திலும் நொடிக்கு சுமார் 1.5 கிகாபிட்தான். 4கே 60-க்கு மாற்றியதும் அது 6 கிகாபிட் ஆனது. வெள்ளைப் புள்ளிகள் மினுங்கின, அப்புறம் திரை இருண்டு இருண்டு வந்தது. அமைப்பில் நிறத் தகவலைக் குறைத்து 4:2:0 ஆக்கினேன். வேகம் பாதியானது, படம் நின்றது. அப்போதே கேபிள்தான் என்று தெரிந்துவிட்டது.

இன்னொருவர்:
எங்கள் வீட்டில் 10 மீட்டர் சாதாரண கேபிளில் செட்டாப் பாக்ஸ் நன்றாக ஓடுகிறது. தங்க முலாம் கேபிள் போட்டால் கலர் கூடுமா?

கேபிள் போடுபவர்:
கூடாது. பிட் சரியாக வந்தால் அதே படம்தான். உங்கள் பாக்ஸ் 1080-இல் ஓடுகிறதோ என்னவோ. 4கே 60-க்கு வெறும் வடத்தை 5 மீட்டருக்கு மேல் நான் நம்புவதில்லை. எல்லாத் தடமும் சேர்ந்து நொடிக்கு 48 கிகாபிட் என்றால் 3 மீட்டரே எல்லை. அந்த மண்டபத்தில் ஒளியிழைதான் இழுத்தேன். 4கே 60-க்குச் சமனாக்கியும் 15 மீட்டர் தாங்கும், ஆனால் அது அதன் விளிம்பு. பின்னால் வேகம் கூட்டினால் குழாயை மறுபடி நோண்ட வேண்டும்.

ஆசிரியர்:
ஒளியிழை வடத்திலும் இரு முனையிலும் சில்லு உண்டே. அதுவும் ஆக்டிவ்தானே? 'சமனாக்கி' அதை உள்ளடக்குமா?

கேபிள் போடுபவர்:
உள்ளடக்காது. அதிலும் படம் மட்டுமே ஒளியில் போகிறது. கருவிகள் ஒன்றையொன்று அடையாளம் காணும் தகவல் பெரும்பாலும் செம்பில்தான். ஆக, 'ஒளியிழை'யும் முழு உண்மையில்லை.

மொழிபெயர்ப்பவர்:
சரி, இப்போதைக்கு வெறும் வடம், சமனாக்கி வடம், ஒளியிழை வடம் என்று போகிறேன். பின்னிரண்டையும் அடக்கும் அட்டவணைத் தலைப்பில் 'ஆக்டிவ்' அப்படியே நிற்கிறது. முனைகளில் SOURCE, DISPLAY என்று அச்சடித்திருப்பதை என்ன செய்ய?

கேபிள் போடுபவர்:
அதை மொழிபெயர்க்காதீர்கள். திருப்பிச் செருகினால் படமே வராது. கேபிளில் உள்ள எழுத்தும் கையேட்டில் உள்ள எழுத்தும் ஒன்றாக இருக்கட்டும்.