ஈஸ்ட் அடைத்த ஆல்ஜினேட் மணிகள் மூன்றாம் சுற்றில் கரைகின்றன: உதவி தேவை

இறுதியாண்டு மாணவி, யஷ்வந்த்பூர், பெங்களூரு

வணக்கம். உலர் ஈஸ்ட் 5 கிராமை 50 மி.லி. வாலைவடிநீரில் கலக்கி, 4% சோடியம் ஆல்ஜினேட் 50 மி.லி.யுடன் சேர்த்து, சிரிஞ்சு வழியாக 2% கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஐந்து நிமிடம் கழித்து மணிகளை வடித்து, பாஸ்பேட் பஃபரில் கழுவி, 25 கிராம் மணிகளை 100 மி.லி. ஊடகத்தில் இட்டேன். ஊடகத்தில் குளுக்கோஸ் 10%, ஈஸ்ட் சாறு சிறிது, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.5% உள்ளன. வெளியேறும் வாயுவைக் குடுவையின் எடை குறைவதைக் கொண்டு அளக்கிறேன்.

ஒரு நாளில் முதல் சுற்றில் 4.3 கிராமும், அதே மணிகளைப் புது ஊடகத்தில் இட்ட அடுத்த இரு சுற்றுகளிலும் 4.4 கிராமும் குறைந்தன. ஆனால் இப்போது மணிகள் குழைந்த ஜவ்வரிசி போல ஊதி, விரலால் தொட்டாலே நசுங்குகின்றன. திரவம் அரிசி கழுவிய நீர் போலக் கலங்கிவிட்டது. எடைக் கணக்கு குறையாததால், மணிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று அறிக்கையில் எழுதலாமா?

மல்லேஸ்வரம் வாசகர்

ஆல்ஜினேட் போதவில்லை. இறுதிக் கலவையில் 2% இருப்பதை 4% ஆக்குங்கள், மணி கல் போல நிற்கும்.

பேக்கரி நடத்துபவர், சிவாஜிநகர்

என் கடையில் ஒவ்வொரு மாவுக்கும் புது ஈஸ்ட்தான் போடுகிறோம். விலை மலிவாக இருக்கும்போது, பழையதைக் காப்பாற்ற இவ்வளவு பாடு எதற்கு அம்மா?

ஓய்வுபெற்ற நொதித்தல் பொறியாளர், ஜெயநகர்

அம்மா, ஆல்ஜினேட் இழைகளைப் பிணைத்து வைத்திருப்பது கால்சியம். கழுவும் பஃபரிலும் ஊடகத்திலும் உள்ள பாஸ்பேட் அந்தக் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. ஐந்து நிமிடத்தில் மேல்தோல் மட்டுமே இறுகியிருக்கும். ஒரு மணியைப் பிளேடால் அறுத்துப் பாருங்கள், நடுவில் கூழாக இருந்தால் அதுவே சான்று. ஆல்ஜினேட்டைக் கூட்டினால் கொஞ்சம் உறுதி கூடும் என்பது உண்மைதான். ஆனால் கலவை ஊசியில் இறங்காது, சொட்டுகளுக்கு வால் முளைக்கும், சர்க்கரை உள்ளே செல்வதும் மந்தமாகும், பாஸ்பேட் செய்யும் வேலையோ நிற்காது. அரை மணி நேரம் இறுக விட்டு, வாலைவடிநீரில் கழுவி, பாஸ்பேட்டை 0.05% ஆகக் குறைத்து, ஊடகத்தில் கால்சியம் குளோரைடு 0.1% சேருங்கள்.

எடைக் கணக்கு தனியே எதையும் நிரூபிக்காது. 10 கிராம் குளுக்கோஸ் முழுவதும் நொதித்தாலும் சுமார் 4.9 கிராம் கார்பன் டைஆக்சைடுதான் வரும். நீங்கள் ஒரு நாள் முடிவில், சர்க்கரை ஏறக்குறைய தீர்ந்த பின் அளக்கிறீர்கள். வேலையைச் செய்தது மணியா, வெளியே கசிந்த ஈஸ்டா என்று அதில் தெரியாது. மணிகளை வடித்துவிட்டு, கலங்கிய திரவத்தில் மட்டும் புதிதாக 10 கிராம் குளுக்கோஸ் இட்டு அளந்து பாருங்கள்.

பேக்கரி நண்பரே, மாவில் உள்ள ஈஸ்டை நீங்கள் பிரித்தெடுக்க வேண்டியதில்லை, அது ரொட்டியோடு வெந்துவிடுகிறது. ஒருபுறம் சர்க்கரைக் கரைசல் நுழைந்து மறுபுறம் ஆல்கஹால் வழிந்துகொண்டே இருக்கும் கலனில் நிலைமை வேறு. அங்கே கட்டில்லாத ஈஸ்ட் பெருகும் வேகத்தைவிட ஓட்டம் மிஞ்சினால், ஈஸ்ட் முழுவதும் அடித்துச் செல்லப்பட்டுவிடும். மணி போன்ற தாங்கியில் பிடித்துவைத்த ஈஸ்ட் அங்கேயே நிற்பதால், சர்க்கரை தீரும் வேகத்துக்கு ஏற்ப ஓட்டத்தைக் கூட்டலாம், பிரித்தெடுக்கும் செலவும் குறையும். புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும் நுரைக்கும் ஒயினில், வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவரப் புட்டிகளை வாரக்கணக்கில் சிறிது சிறிதாகத் திருப்புவார்கள். ஈஸ்ட் மணிக்குள் இருந்தால், புட்டியைக் கவிழ்த்ததும் மணிகள் தாமே இறங்கிவிடும்.

ஆயினும் உயரமான கலனில் ஆல்ஜினேட் தன் எடையாலும் வாயுவாலும் நசுங்குகிறது. பீரை முதிர வைக்கும் ஆலைகளில் செல்லுலோஸ் துகள் போன்ற உறுதியான தாங்கிகள் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். வண்டல் மிகுந்த மொலாசஸை மணிகள் நிரம்பிய கலனில் விட்டால் அடைத்துக்கொள்ளும்.

மாணவி, யஷ்வந்த்பூர்

ஐயா, அறுத்துப் பார்த்தேன், நடு கூழாகவே இருந்தது. பஃபரில் தனியே போட்ட பத்து மணிகள் காலையில் உதிர்ந்துவிட்டன. கால்சியம் சேர்த்த குளுக்கோஸில் இட்ட பத்தும் உறுதியாக இருந்தன. கலங்கிய திரவம் மட்டுமே ஒரு நாளில் 2.1 கிராம் இழந்தது.

பொறியாளர், ஜெயநகர்

அந்த ஒரு நாளில் கசிந்த ஈஸ்டும் பெருகியிருக்கும் என்பதால், 2.1-ஐ அப்படியே மணிகளின் கணக்கிலிருந்து கழிக்காதீர்கள். முதல் இரண்டு மணி நேரத்து எடை இழப்பை அரை மணிக்கு ஒருமுறை குறித்து, அந்த வேகத்தை ஒப்பிடுங்கள்.

மாணவி, யஷ்வந்த்பூர்

நீங்கள் சொன்னபடி புது மணிகள் செய்தேன். மூன்று சுற்றுகள் வரை திரவம் தெளிவாக இருந்தது. நான்காம் சுற்றில் லேசாகக் கலங்கியது. சில மணிகள் மிதந்து பிளக்கின்றன.

பொறியாளர், ஜெயநகர்

மிதப்பதும் பிளப்பதும் மணிக்குள் சிக்கிய வாயுவால். ஈஸ்டைப் பாதியாக்கி, மெல்லிய ஊசியால் சிறு மணிகள் செய்யுங்கள். மேற்பரப்பை ஒட்டிய செல்கள் மொட்டுவிட்டு வெளியேறுவதை முழுமையாகத் தடுக்க எனக்கும் வழி கிடைத்ததில்லை. ஈஸ்ட் சாற்றைக் குறைத்தால் கசிவு தணியும், ஆனால் எத்தனை சுற்றுக்குப் பின் நொதித்தலும் தளரும் என்பதை உங்கள் மணிகளிலேயே அளந்துதான் பார்க்க வேண்டும்.