பொருள்: ‘பேக் ஆஃப் என்வலப்’ கணக்குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

மல்லிகா:
வணக்கம். மென்பொருள் வேலை நேர்காணலின் டிசைன் ரவுண்டுக்குத் தயாராகிறவர்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதுகிறேன். நொடிக்கு எத்தனை கோரிக்கை வரும், ஒரு வருஷத்துக்கு எவ்வளவு இடம் பிடிக்கும் என்று ஆரம்பத்திலேயே போடச் சொல்வார்களே, அந்தக் கணக்குக்கு ஒரு சொல் வேண்டும். ‘உறைப்பின்புறக் கணக்கு’ என்று எழுதிப் பார்த்தேன். என் தம்பி படித்துவிட்டு, “தபால் ஆபீஸ் சமாச்சாரமா அக்கா?” என்கிறான். ‘கொள்ளளவு மதிப்பீடு’ பரவாயில்லையா?

ராமநாதன்:
குத்துமதிப்பு இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? ஒரு நாளின் கோரிக்கைகளை அந்த நாளின் 86,400 நொடியால் வகுக்கிறோம், அவ்வளவுதானே.

சாந்தி:
ராமநாதன் சார், குத்துமதிப்பாகச் சொல்கிறவரிடம் “எப்படி வந்தது?” என்று கேட்க முடியாது. நேர்காணலில் நான் கேட்பதே அதைத்தான்.

நீளமான இணைய முகவரியைச் சுருக்கித் தரும் சுருக்க இணைப்புச் சேவையை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 10 லட்சம் புது இணைப்புகள், ஒவ்வொன்றையும் 100 முறை திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 86,400 வேண்டாம், 1 லட்சம் நொடி என்று வையுங்கள். எழுதுவது நொடிக்கு 10, படிப்பது நொடிக்கு 1,000. ஒருமுறை ஒருவர் கால்குலேட்டரை எடுத்து 11.574 என்று போர்டில் எழுதினார். அந்த 10 லட்சமே நாமாக வைத்துக்கொண்டதுதான், அதற்கு மூன்று தசம இடம் எதற்கு?

இடத்துக்கு வருவோம். ஒரு இணைப்புக்கு 500 பைட் என்றால் நாளைக்கு அரை ஜிபி, வருஷத்துக்கு 180 ஜிபி சொச்சம். மூன்று பிரதி வைத்தாலும் 550 ஜிபிக்குள் முடிந்துவிடும். அதாவது ஒரு வருஷத் தரவும் ஒரே டிஸ்க்கில் அடங்கும். தரவுத்தளத்தைப் பல துண்டாகப் பிரிக்கிற பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, படிக்கும் பக்கம் கேஷ் நினைவகம் வைப்பதைப் பேசலாம். இந்த முடிவுக்கு வரத்தான் கணக்கே. 180 என்பது 210 ஆனாலும் முடிவு மாறாது. ஆனால் பைட்டுக்குப் பதில் பிட்டில் போட்டுவிட்டால் 8 மடங்கு தப்பும், அது மாற்றிவிடும்.

மல்லிகா, ‘கொள்ளளவு’ என்றால் எனக்கு அணைதான் ஞாபகம் வருகிறது. இடத்துக்குப் பொருந்தும். நொடிக்கு வரும் கோரிக்கையை எந்தப் பாத்திரத்தில் அளப்பது?

பாஸ்கரன்:
எங்கள் துறையில் பல வருஷமாக ‘உத்தேச மதிப்பீடு’ என்றுதான் எழுதுகிறோம். டெண்டருக்கு முன்னால் போடுவது. ஆனால் அதில் ஜிஎஸ்டி சேர்க்க வேண்டும், டிஸ்க் விலைக்கு மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும். பத்து நிமிடத்தில் எப்படி முடியும்?

சாந்தி:
அது வாங்குவதற்கான மதிப்பீடு அண்ணே. இது, அதற்கு முன்னால், வாங்கத்தான் வேண்டுமா என்று பார்ப்பது. ஆனால் ‘உத்தேசம்’ என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது.

கவிதா:
சொல் எதுவானாலும் சரி, கையேட்டில் இதைக் கட்டாயம் சேருங்கள். நான் ஒரு தேர்வு முடிவுத் தளத்தில் வேலை பார்த்தேன். 8 லட்சம் மாணவர்கள். 1 லட்சம் நொடியால் வகுத்து, நொடிக்கு 8 கோரிக்கைதான் என்று நிம்மதியாக இருந்தோம். காலையில் முடிவு வெளியானதும் தளம் படுத்துவிட்டது. 8 லட்சம் பேரும் முதல் 10 நிமிடத்தில் வந்தால் 600 நொடியால்தான் வகுக்க வேண்டும், நொடிக்கு 1,300-க்கு மேல் வரும். பக்கம் திறக்கவில்லை என்று ஒவ்வொருவரும் மேலும் இரண்டு முறை ரிஃப்ரெஷ் செய்தால் 4,000. எங்கள் பெருக்கல் வகுத்தல் எல்லாம் சரி, எந்த நேரத்தால் வகுப்பது என்பதில்தான் கோட்டைவிட்டோம்.

அப்புறம், என் அப்பா மளிகைக் கடையில் சிகரெட் அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கம்தான் கணக்குப் போடுவார். ‘துண்டுச்சீட்டுக் கணக்கு’ என்றால் என்ன?

ராமநாதன்:
துண்டுச்சீட்டு என்றால் பையன்கள் பரீட்சையில் பிட் அடிக்கிறதாக நினைப்பார்கள். நேர்காணல் கையேட்டில் அதுவா? ‘சீட்டுக் கணக்கு’ என்று சுருக்கினாலும் ஏலச்சீட்டு ஆகிவிடும். 86,400 விஷயத்தில் நான் தோற்றேன். குத்துமதிப்பை மட்டும் விடமாட்டேன்.

மல்லிகா:
நன்றி. இப்போதைக்கு ‘உத்தேசக் கணக்கு’ என்று போடுகிறேன். ‘கொள்ளளவு’ இடத்துக்கு மட்டும் இருக்கட்டும், நொடிக் கணக்குக்குத் ‘தாங்குதிறன்’. கவிதாவின் கதைக்காக இன்னொரு சொல் வேண்டும். சராசரியைப் போல எத்தனை மடங்கு உச்சத்தில் வரும் என்பதற்கு ‘உச்சமடங்கு’ என்று எழுதினேன். தம்பியிடம் காட்டினேன். “உச்சமாக அடங்குவதா?” என்கிறான்.