சடங்கு பேனரில் பிள்ளையின் முகம் எதற்கு?

சிம்மக்கல் அப்பா: மகள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள், சடங்கு வைக்க வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளை. பேனரில் தன் போட்டோ வந்தால் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறாள். பதினைந்து வருடமாக ஊருக்கு எழுதிய மொய் வெளியே நிற்கிறது. என்ன செய்ய?

திருமங்கலத்தான்: மொய் வேண்டும், பேனர் மட்டும் கசக்குதா? முகம் இல்லாத பேனருக்கு எவன் வருவான்?

மேலூர் அக்கா: பேனரைப் பார்த்து எவரும் மொய் எழுத வருவதில்லை, தம்பி. பழைய மொய் நோட்டை எடுத்து, பேர் பார்த்து, வீடு தேடிப் போய்ப் பத்திரிகை வைத்தால்தான் வருவார்கள். நாங்கள் இரண்டாகப் பிரித்தோம். முதல் நாள் அண்ணன் தென்னங்கீற்று கொண்டுவந்து மாடியில் குச்சில் கட்டினார். பதினாறாம் நாள் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் ஊற்றினோம், பெண்கள் பன்னிரண்டு பேர், செல்போன் எல்லாம் ஒரு கூடையில். மூன்று மாதம் கழித்துச் சின்னவனுக்குக் காதணி விழா. மண்டபம், சீர்த்தட்டு, மொய் எல்லாம் அங்கே. மகள் பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

திருமங்கலத்தான்: அப்போ பேனரில் பையன் முகம் இருந்ததா, இல்லையா?

மேலூர் அக்கா: இருந்தது. அவன்தான் கேட்டான்.

திருமங்கலத்தான்: ஆக, முகம் வேண்டும்! இதைத்தானே நானும் சொன்னேன்.

பைபாஸ் ராஜா: அண்ணே, 2019-ல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு பெண் இறந்ததை மறந்துவிட்டீர்களா?

திருமங்கலத்தான்: அனுமதி வாங்காமல் வைத்தால்தான் தப்பு. எங்கள் பஸ் ஸ்டாப்புக்கு வந்து பாரும், எந்த வாரம் காலியாக இருக்கிறது?

பைபாஸ் ராஜா: அனுமதியோடு வைத்த ஒன்றைக் காட்டுங்கள், பார்ப்போம்.

சோழவந்தான் மலர்: 1994-ல் எனக்கு ஒன்பது நாள் குச்சில். தினமும் பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுந்தங்களி. பேனர் ஏது? ஆனால் மாமா எடுத்து வந்த சேலை சாயம் போய், தண்ணீர் ஊற்றும்போது மஞ்சளோடு சிவப்பும் ஓடியது. இன்றுவரை அம்மா அவரிடம் சரியாகப் பேசுவதில்லை.

சிம்மக்கல் அப்பா: அக்கா, பிரித்துச் செய்ததில் மொய் எல்லாம் திரும்பியதா?

மேலூர் அக்கா: இல்லை. "சடங்குக்கு எங்களைக் கூப்பிடவில்லையே" என்று நாத்தனார் வீட்டார் எழுதவில்லை. அண்ணனுக்கும் சீர்ச் செலவு இரண்டு தடவை. இரண்டு தடவை சீர்த்தட்டு தூக்கி வர முடியுமா என்று உங்கள் மச்சினனிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருமங்கலத்தான்: பார்த்தீரா! முகத்தை மறைத்தால் நாத்தனாரே வரவில்லை.

மேலூர் அக்கா: அவர் கோபம் பேனருக்கு இல்லை, கூப்பிடாததற்கு.

திருமங்கலத்தான்: எல்லாம் ஒன்றுதான். எங்கள் வீட்டில் பத்தடி பேனர், மகள் சிரித்துக்கொண்டே நின்றாள்.

மேலூர் அக்கா: வைக்கும் முன்னால் அவளைக் கேட்டீர்களா?

திருமங்கலத்தான்: அவள் அம்மா கேட்டாள். சோழவந்தான் அக்கா, அந்தச் சேலை எந்தக் கடை?

சோழவந்தான் மலர்: கடையைச் சொன்னால் மாமா காதுக்குப் போய்விடும், விடுங்கள்.