கலைச்சொல் தேவை: மைக்ரோ இன்ஃப்ளூயன்சருக்கு அனுப்பும் 'ஸ்கிரிப்ட் அவுட்லைன்'

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். சிறுதொழில் செய்வோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மரச்செக்குக் கடலை எண்ணெய் விற்பவர், சமையல் காணொளி இடும் பெண்ணொருவருக்கு 60 நொடிக் காணொளிக்காக அனுப்பும் ஒரு பக்கத் தாளுக்குப் பெயர் தேவைப்படுகிறது. அளவு, விலை, ஆட்டும் முறை ஆகியவை அதில் உறுதியாக எழுதப்பட்டிருக்கும். எப்படித் தொடங்குவது, எதைச் சமைப்பது என்பவை அவர் விருப்பம். பயன்படுத்தியபின் தோன்றும் கருத்துக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். 'உரைச்சட்டகம்' எனலாமா?

குறும்பட இயக்குநர்:
'வசனப்படி' போதுமே. என் நடிகர்களுக்கு வசனம் முழுவதையும் தந்துவிடுகிறேன்; ஓர் எழுத்தும் மாற விடுவதில்லை.

விளம்பரப் பணியாளர்:
ஐயா, இங்கே அவர் நடிப்பதில்லை. வீட்டுப்பேச்சில் பேசுபவர் திடீரென்று 'பாரம்பரியத் தூய்மையின் சுவை' என்றால், பின்னூட்டங்களில் சமையலைப் பற்றிய கேள்விகள் நின்று, எவ்வளவு பணம் வாங்கினீர்கள் என்ற கேள்விகள் வரும். மேலும், ஒருவர் ஒரு பொருளைப் பரிந்துரைத்தால் அது அவருடைய உண்மையான கருத்தாக இருக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 நெறிமுறைகள் கூறுகின்றன. ஆகவே அவர் அனுப்பும் காணொளி வரைவை விற்பவர் பார்க்கும்போது விலை தவறாக இருந்தால் திருத்தலாம். 'வாசனை தூக்கலாக இருக்கிறது, இனிப்புக்கு ஒத்துவராது' என்று அவர் சொன்னால் அதை நீக்கச் சொல்லக் கூடாது. 'சட்டகம்' என்றதும் சட்டம் நினைவுக்கு வருவதால், விற்பவர்கள் அந்த வெற்றிடத்தையும் தாமே நிரப்பிவிடுவார்கள் என அஞ்சுகிறேன். 'பேச்சுக்குறிப்பு' என்பேன்.

புலவர்:
நம்மிடமே சொல் இருக்கிறது: 'கொளு'. புறப்பொருள் வெண்பாமாலை என்னும் பழைய இலக்கண நூலில், துறை எனப்படும் பாடற்பொருளின் கருத்தைக் கொளு சுருங்கச் சொல்லும். பின்வரும் வெண்பா அதைத் தன் போக்கில் பாடும். பொருள் கொள்ளப்படுவதால் கொளு. கொள், கொள்கை, கோள், கோட்பாடு எல்லாம் ஒரே வேரின் கிளைகள். பொருளை வரையறுத்து, பாட்டைப் புலவனிடம் விடும் இம்முறைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்?

கல்லூரி ஆசிரியை:
பொருத்தத்தை ஏற்கிறேன், ஐயா. ஆனால் என் மாணவர்கள் அதை நவராத்திரிக் கொலு என்றே படிப்பார்கள். 'பேச்சுக்குறிப்பு' வகுப்பில் உடனே புரியும். அத்தாளில் 'விளம்பரம்' என்ற அடையாளத்தை 3 நொடி காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

விளம்பரப் பணியாளர்:
அம்மா, 3 நொடி என்பது 15 நொடிக்கு மிகாத காணொளிக்குத்தான். இந்திய விளம்பரத் தர மன்றத்தின் 2021 நெறிகளின்படி, 2 நிமிடத்துக்குக் குறைந்த மற்றக் காணொளிகளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் அது தெரிய வேண்டும். இதற்கு 20 நொடி.

மொழிபெயர்ப்பாளர்:
பெரும்பாலோர் விருப்பப்படி இப்போதைக்குப் 'பேச்சுக்குறிப்பு' என்றே அச்சுக்கு அனுப்புகிறேன்.

புலவர்:
என் மறுப்பைப் பதிவு செய்க. விலையும் அளவும் விளம்பர அடையாளமும் மீறக்கூடாதவை; குறிப்பு என்றால், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றே அந்தப் பெண் எண்ணுவார். சட்டகம் இறுக்குகிறது என்பது உண்மைதான், ஆனால் குறிப்பு எல்லாவற்றையும் தளர்த்திவிடுகிறது. அடுத்த பதிப்பிலாவது கொளுவை எண்ணிப் பாருங்கள்.