கால்மணிக்கு எதை மட்டந்தட்டுகிறோம்?

மேகலா

அனைவருக்கும் வணக்கம். தனியாக வேலை எடுத்துச் செய்பவர்களுக்காகத் தமிழில் ஒரு பணிநேர விரிதாள் அமைத்துவருகிறேன். தேதி, வேலை, தொடக்கம், முடிவு ஆகிய தலைப்புகளில் சிக்கல் இல்லை. ஐந்தாவது நெடுவரிசையில்தான் மாட்டிக்கொண்டேன். வேலைக்குச் செலவான நிமிடங்களை எந்தக் கால்மணிக்கு அருகில் இருக்கிறதோ அதற்குக் கொண்டுபோய் நிறுத்துகிறோமே, அதற்கு ஒரு பெயர் வேண்டும்.

இதுவரை "கால்மணி நேரம்" என்று வைத்திருந்தேன். என்னுடன் வேலை செய்யும் ஒருவர் அதைப் படித்துவிட்டுத் தொடக்கத்தையும் முடிவையும் தனித்தனியே கால்மணிக்கு மாற்றி எழுதினார். 9:07 என்பது 9:00 ஆயிற்று. 10:08 என்பது 10:15 ஆயிற்று. தாள் 1:15 என்று கணக்கிட்டது. உண்மையில் நடந்த வேலை 61 நிமிடம். வாடிக்கையாளரும் நேரம் குறித்துவைத்திருந்ததால், கூடுதலாக 14 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டார். என் தோழர்மீது குற்றமில்லை. தலைப்பு சொன்னதைச் செய்தார். அதனால்தான் பெயரிலேயே குழப்பம் தீர வேண்டும் என்று கேட்கிறேன்.

அன்பழகன்

மேகலா அவர்களுக்கு, முப்பது ஆண்டு கணக்குப் பாடம் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். இதற்குப் புதுச்சொல் எதுவும் வேண்டாம். எண்களைப் பத்துக்கோ நூறுக்கோ கொண்டுபோவதை முழுமையாக்கல் என்றே வகுப்பில் சொல்லிவந்தோம். "கால்மணிக்கு முழுமையாக்கல்" என்று எழுதுங்கள். 7 நிமிடம் வரை கீழே, 8 முதல் மேலே. சில வரிசைகள் ஏறும், சில இறங்கும், மாதக் கடைசியில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சமமாகிவிடும். இதில் யாருக்கும் நட்டம் இல்லை.

சிவரூபன்

ஐயா, முழுமை என்று சொல்லிவிட்டுக் காலில் நிறுத்துவது எனக்கு உறுத்துகிறது. இலங்கைப் பாடநூல்களில் நாங்கள் படித்தது மட்டந்தட்டல். "கிட்டிய பத்துக்கு மட்டந்தட்டுக" என்று கேள்வி வரும். கொத்தனார் பலகையை இழுத்து மேட்டையும் பள்ளத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதைப் போன்ற சொல். பத்தானாலும் காலானாலும் எந்த மட்டம் என்று சொன்னால் போதும். என் பரிந்துரை: "கிட்டிய கால்மணிக்கு மட்டந்தட்டல்".

அன்பழகன்

தம்பி சிவரூபன், கால்மணியையே ஓர் அலகாக எடுத்துக்கொண்டால் முழுமை என்பது பொருந்தும். 61 நிமிடத்தில் நான்கு முழுக் கால்மணிகள் இருக்கின்றன அல்லவா? மேலும், ஒருவரை மட்டம் தட்டுவது என்றால் எங்கள் பக்கம் இழிவாகப் பேசுவது. பில்லில் "மட்டந்தட்டிய நேரம்" என்று கண்டால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார்?

கதிரவன்

எனக்கும் இதே சிக்கல்தான். மாதக் கூட்டுத்தொகை 26:15 என்று வர வேண்டிய இடத்தில் 2:15 என்று வருகிறது. நான் முழுமையாக்கவே இல்லையே, எதற்காக 24 மணிநேரத்தை விழுங்குகிறது?

நஸ்ரின்

கதிரவன், உங்களுடையது வேறு கதை. அங்கே எதுவும் தொலைந்துபோகவில்லை. அந்தக் கட்டம் கூட்டுத்தொகையைக் கடிகார முகப்பு போலக் காட்டுகிறது. 24 தாண்டினால் மறுபடி 0. கட்டத்தின் வடிவமைப்பை `[h]:mm` என்று மாற்றினால் 26:15 தெரியும். கட்டணத்தால் பெருக்கும்போது மட்டும் 24ஆல் பெருக்க மறக்காதீர்கள். விரிதாளுக்கு ஒரு நாள்தான் 1.

ஆனாலும் உங்கள் கேள்வி மேகலாவின் கேள்விக்கு வெகுதூரத்தில் இல்லை. இரண்டுக்கும் வேர் ஒன்று. தமிழில் "நேரம் என்ன?" என்றாலும் நேரம்தான், "எவ்வளவு நேரம் ஆயிற்று?" என்றாலும் நேரம்தான். கடிகாரத்தில் ஒரு புள்ளியும், இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான நீளமும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. முழுமையாக்கலா மட்டந்தட்டலா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. எதை என்று பெயர் சொல்கிறதா என்பதே முதல் கேள்வி.

மேகலாவின் தோழர் செய்ததைத் திருப்பிப் பாருங்கள். 9:08க்குத் தொடங்கி 10:07க்கு முடித்திருந்தால் 59 நிமிடம். புள்ளிகளைத் தனித்தனியே மாற்றினால் 9:15, 10:00. கிடைப்பது வெறும் 0:45. இரண்டு நிமிட வேறுபாட்டுக்கு ஒருமுறை 1:15, மறுமுறை 0:45! நீளத்தை மாற்றியிருந்தால் இரண்டுமே 1:00 ஆகியிருக்கும். நீளத்தை மட்டும் மாற்றினால் ஒரு வரிசையில் பிழை ஏழரை நிமிடத்தைத் தாண்டாது. இரு முனைகளையும் மாற்றினால் அது பதினைந்தை நெருங்கலாம்.

தாளில் போட வேண்டியது இதுதான். C தொடக்கம், D முடிவு:

```
=ROUND(MOD(D2-C2,1)*96,0)/96
```

ஒரு நாளில் 96 கால்மணிகள். 61 நிமிடம் என்றால் 4.07 கால்மணி, அது 4 ஆகி, திரும்ப 1:00 ஆகிறது. `MOD` எதற்கென்றால், இரவு 11:40க்குத் தொடங்கி 12:30க்கு முடிக்கிறவர்களும் இருக்கிறோம்.

அன்பழகன் ஐயாவிடம் ஒரு மறுப்பு. ஏறுவதும் இறங்குவதும் அடித்துக்கொள்ளும் என்பது வேலைகளின் நீளம் பலவாறாக இருந்தால் சரி. எனக்கு அப்படி அமைவதில்லை. ஒரே வாடிக்கையாளரிடமிருந்து ஒரு நாளில் ஆறு தொலைபேசி அழைப்புகள், ஒவ்வொன்றும் 8 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 48 நிமிடம். வரிசைதோறும் மாற்றினால் ஆறு கால்மணி, அதாவது ஒன்றரை மணி. அழைப்பு 7 நிமிடமாக இருந்தால் 42 நிமிட வேலைக்குச் சுழியம். எதுவும் அடித்துக்கொள்ளவில்லை, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. அன்றைய மொத்தத்தை மட்டும் மாற்றினால் 48, 42 இரண்டுமே 0:45.

மேகலா

நஸ்ரின், இதை நான் யோசித்திருக்கவே இல்லை. வரிசைக்கா மொத்தத்துக்கா என்பதையும் பெயரிலேயே சொல்ல வேண்டுமா? பெயர் நீண்டுகொண்டே போகிறதே.

நஸ்ரின்

அது பெயரின் வேலை இல்லை, உடன்பாட்டின் வேலை. வேலை தொடங்கும் முன் வாடிக்கையாளருக்கு ஒரு வரி எழுதுங்கள்: ஒரு நாளில் ஒரே வேலைக்கான நிமிடங்களைக் கூட்டி, பிறகு கால்மணிக்கு மாற்றுவேன் என்று. நான் அப்படித்தான் செய்கிறேன். வரிசைதோறும் மாற்றுகிறவர்களும் உண்டு. முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதுவும் தவறில்லை.

அன்பழகன்

நஸ்ரின் அம்மா, ஆறு அழைப்புக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லைக்கு நம்மிடம் அழகான சொல் இருப்பதை யாரும் கவனிக்கவில்லை. கால்மணியில் பாதி அரைக்கால் மணி. எட்டில் ஒரு பங்கு, அதாவது சரியாக ஏழரை நிமிடம். "மிச்சம் அரைக்காலுக்குக் குறைந்தால் விடு, அரைக்காலும் அதற்கு மேலும் என்றால் ஏற்று." விதி முழுவதும் ஒரே வரியில்!

சிவரூபன்

ஐயா, இது அருமை. நிமிடக் கணக்கில் குறிப்பவர்களுக்கு அந்த எல்லையில் சண்டையே வராது. ஏழரை நிமிடம் என்று யாரும் எழுதப்போவதில்லை. 7 அல்லது 8 தான்.

நஸ்ரின்

நிறுத்துகடிகாரம் வைத்திருப்பவர்களுக்கு வரும். நான் நொடி வரை பதிவு செய்கிறேன். 0:07:30 வந்தால் அது 0:15 ஆக வேண்டும். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழிக்கும்போது கணினிக்குள் இருக்கும் பின்னம் அரைக்கு மயிரிழை கீழே நின்றுவிடலாம். அப்போது 0:00 விழும். ஒரே நீளமுள்ள இரண்டு வரிசைகள் வேறு வேறு விடை காட்டினால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். முதலில் முழு நொடிகளாக்கி, பிறகு 900ஆல் வகுத்தால் சிக்கல் தீரும்:

```
=ROUND(ROUND(MOD(D2-C2,1)*86400,0)/900,0)/96
```

நிமிடத்தோடு நிற்பவர்களுக்கு முதல் சூத்திரமே போதும்.

கதிரவன்

`[h]:mm` வேலை செய்தது, நன்றி. சொல்லுக்கு என் பங்கு: "காலாக்கல்". ஒரே சொல், சின்னதாக இருக்கிறது.

சிவரூபன்

மேசைக்குக் கால் பொருத்துவது போல இருக்கிறது, கதிரவன்.

மேகலா

"கிட்டிய" என்பதை இரண்டு பேரிடம் படிக்கக் கொடுத்தேன். இருவரும் "கிடைத்த" என்று புரிந்துகொண்டார்கள். கிட்டிய கால்மணி என்றால் கிடைத்த கால்மணியாம்! "அண்மைக் கால்மணி" என்று மாற்றினால் கடந்துபோன கால்மணி என்கிறார்கள், அண்மைக்காலம் என்பதைப் போல. தூரத்தைச் சொல்லும் சொற்களைக் காலத்தோடு சேர்த்தால் பொருள் நழுவிவிடுகிறது. "அருகிலுள்ள கால்மணி" ஒன்றுதான் இருவருக்கும் உடனே புரிந்தது.

சிவரூபன்

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கிட்டிய என்பது சரியாகவே புரியும். ஆனால் தாள் எல்லோருக்குமானது. விட்டுக்கொடுக்கிறேன். மட்டந்தட்டலை மட்டும் விடமாட்டேன்.

அன்பழகன்

நானும் முழுமையாக்கலை விடுவதாக இல்லை.

மேகலா

அப்படியானால் வினைச்சொல்லைத் தலைப்பிலிருந்தே எடுத்துவிடுகிறேன். ஐந்தாவது நெடுவரிசை "செலவான நேரம்": உள்ளது உள்ளபடி, 1:01. ஆறாவது "பில் நேரம், அருகிலுள்ள கால்மணிக்கு": 1:00. தொடக்கமும் முடிவும் குறித்தபடியே இருக்கும். அந்தக் கட்டங்களில் யாரும் கைவைக்க வேண்டாம் என்று மேலே ஒரு குறிப்பு. இரண்டு நீளங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால், எது எதிலிருந்து வந்தது என்று வாடிக்கையாளரே பார்த்துக்கொள்வார். உதவிப் பக்கத்தில் மட்டும் வினை வருகிறது. அங்கே இரண்டையும் எழுதிவைக்கிறேன், சண்டை தொடரட்டும்.

நஸ்ரின்

இரண்டு நெடுவரிசை என்பது நல்ல முடிவு. மாற்றிய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிட்டால், பிறகு யார் கேட்டாலும் காட்ட ஒன்றும் இருக்காது.

கதிரவன்

ஒரே ஒரு ஐயம். என் வாடிக்கையாளர் ஒருவர் கால்மணியை ஏற்பதில்லை. ஆறு ஆறு நிமிடமாகக் கேட்கிறார். தலைப்பில் என்ன எழுதுவது?

நஸ்ரின்

இரண்டாவது சூத்திரத்தை எடுத்து, 900 இருக்கும் இடத்தில் 360, 96 இருக்கும் இடத்தில் 240 போடுங்கள். ஆறில் பாதி முழுதாக 3 நிமிடம் என்பதால், நிமிடத்தோடு நிற்பவர்களுக்கும் இங்கே அந்த மயிரிழைச் சிக்கல் வரலாம். தலைப்புக்கு நான் பொறுப்பில்லை.

அன்பழகன்

பத்தில் ஒரு பங்குக்குப் பழைய பெயர் இருமா. "அருகிலுள்ள இருமா மணிக்கு" என்று எழுதலாமே?

மேகலா

ஐயா, அதை எழுதினால் பில்லோடு ஓர் அகராதியையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருக்கும். கதிரவன், இப்போதைக்கு "அருகிலுள்ள 6 நிமிடத்துக்கு" என்றே போடுங்கள்.