வெபினாருக்கு என்ன சொல்? நாளைக் காலைக்குள் வேண்டும்

கயல்விழி:
அன்பர்களே, இறுதியாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கு, படிப்பு முடிந்ததும் எந்தப் பக்கம் போகலாம் என்று துறைக்காரர்கள் பேசும் ஒரு மணி நேர 'கேரியர் வெபினாருக்கு' அழைப்பு எழுதுகிறேன். குறுஞ்செய்திக்கான வரி இது:

முதல் வேலைக்கு முன்: இணையவழிக் கருத்தரங்கு, சனி மாலை 6

இதன் பின்னால் பதிவு இணைப்பும் வர வேண்டும். இணைப்பைச் சேர்த்தால் இரண்டு செய்தியாகக் கணக்கு வருகிறது. சின்னதாக ஒரு சொல் கிடைக்குமா?

பொன்னம்பலம்:
'செமினார்' என்பதன் இலத்தீன் வேரே நாற்றங்கால்தான். நமக்கு நாற்று, நாறுதல் எல்லாம் முளைத்தலைக் குறித்த சொற்கள். இறுதியாண்டு மாணவர் யார்? பிடுங்கி நடக் காத்திருக்கும் நாற்று. 'இணைய நாற்றங்கால்' என்று துணிந்து எழுதுங்கள் அம்மா.

சேகர்:
ஐயா, அழைப்பில் 'நாற்ற' என்று பார்த்ததும் பையன்கள் படம் பிடித்துக் கேலி வரியோடு சுற்றுக்கு விடுவார்கள். கயல், குறுஞ்செய்திக்கு 160 எழுத்து உண்டே. 'இணையவழிக் கருத்தரங்கு' வெறும் 13 எழுத்து. கணக்குப் பார்க்கும் செயலியில்தான் கோளாறு இருக்கும்.

மீனாட்சி:
சேகர், நீங்கள் சொல்லும் 160 உரோமன் எழுத்துக்கு. தமிழ் என்றால் 70தான். நன்னூல் கணக்கில் 'கு' ஓரெழுத்து. கைப்பேசிக்கு அது க ஒன்று, உகரக் குறி ஒன்று. புள்ளிக்கும் தனிக் கணக்கு. அப்படி எண்ணினால் அந்தச் சொல் இடைவெளியோடு 21 இடம் பிடிக்கிறது, முழு வரி 54. மிச்சம் 16. இணைப்பின் https:// மட்டுமே 8 தின்றுவிடும். 70ஐத் தாண்டினால் செய்தி உடையும்; துண்டுகளை ஒட்டும் குறிப்புக்கு இடம் போக, துண்டுக்கு 67தான் தேறும்.

'வலையரங்கு' என்றால் 9 இடம். வரி 42க்குள் முடிகிறது, 28 மிஞ்சுகிறது. சுருக்கிய இணைப்பு தாராளமாக உட்காரும்.

சேகர்:
அப்படியானால் வரியை ஆங்கிலத்தில் அடித்து, இந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில் வைத்தால்?

மீனாட்சி:
ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் முழுச் செய்தியும் 70க்கு இறங்கிவிடும். அதில் ஆதாயம் இல்லை.

தாமஸ்:
'கேரியர்' என்பதற்குத்தானே சொல் கேட்கிறீர்கள்? 'வேலைவாய்ப்பு' போடுங்கள், எல்லாருக்கும் புரியும். எங்கள் பயிற்சி மையத்து அறிவிப்பிலும் அப்படித்தான் போட்டோம். உரை கேட்க வருவார்கள் என்று பார்த்தால், தன்விவரக் குறிப்பாக வந்து குவிந்தது, அது வேறு கதை.

மீனாட்சி:
அது வேறு கதை இல்லை தாமஸ், இதே கதைதான். 'வேலைவாய்ப்பு' என்றால் நேர்காணல் என்றே மாணவர் எடுத்துக்கொள்வார். 'பணிவாழ்வு' என்று வைத்து, மின்னஞ்சலில் 'இது ஆள்சேர்ப்பு அல்ல' என்று ஒரு வரி சேர்க்கலாம்.

பொன்னம்பலம்:
வலையரங்கு எனக்கு உடன்பாடில்லை. வலை என்பது மீனுக்கும் மானுக்கும் விரிப்பது. முன்பணம் கேட்கும் போலி வேலைக்காரர்கள் திரியும் காலத்தில் மாணவனை 'வலைக்கு வா' என்றா கூப்பிடுவது? 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்ற குறளில் அரங்கு என்பது கட்டம் கீறிய ஆடுகளம். பேச்சுக்கு அதே குறள் தரும் சொல் 'கோட்டி'. ஆகவே 'இணையக் கோட்டி'.

சேகர்:
கோட்டி என்றால் நெல்லைப் பக்கம் பைத்தியம், ஐயா!

மீனாட்சி:
வலைத்தளம், வலைப்பூ என்று புழங்கிய பிறகு மீன்வலை யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. நான் அரங்கைப் பிடித்துக்கொள்வது வேறு காரணத்துக்காக. வெபினாரில் மேடையில் இருப்பவர் மட்டுமே பேசுவார். மற்றவர் கேள்வியை எழுதிப் போட வேண்டும். 'இணையக் கூட்டம்' என்றால் கேமராவைத் திறக்க வேண்டுமா, பேசச் சொல்வார்களா என்று கூச்சப்பட்டே பாதிப் பேர் ஒதுங்கலாம். 'கருத்தரங்கு' என்றால் கட்டுரை வாசிக்கச் சொல்வார்களோ என்று நினைப்பார்கள். அரங்கில் மேடை வேறு, பார்வையாளர் வேறு. வெபினாரின் அமைப்பே அதுதான். வலை + அரங்கு, ஐகாரத்துக்கு யகர உடம்படுமெய், புணர்ச்சியிலும் குறையில்லை.

சேகர்:
'வெபினார்' 8 இடம், இன்னும் ஒன்று குறைவு. மாணவர் வாயில் இருப்பதும் அதுதான். வலையரங்கைப் பார்த்துவிட்டு 'அது என்ன?' என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

கயல்விழி:
மின்னஞ்சல் சொல்லும். தலைப்பில் 'பணிவாழ்வு வலையரங்கு'; கீழே முதல் வரியாக, 'கைப்பேசியிலேயே பார்க்கலாம், கேமரா வேண்டாம், கேள்வியை எழுதி அனுப்பலாம், இது ஆள்சேர்ப்பு அல்ல.' குறுஞ்செய்தியில் விளக்கத்துக்கு இடமில்லை, அதில் மட்டும் 'வெபினார்' போடலாமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

மீனாட்சி:
ஒரே அழைப்புக்கு இரண்டு பெயரா? இரண்டு நிகழ்ச்சி என்று நினைத்து இரண்டு தடவை பதிவார்கள்.

கயல்விழி:
சரி, இரண்டிலும் வலையரங்கு. வடிவமைப்பாளருக்கு அனுப்பிவிட்டேன்.

பொன்னம்பலம்:
அனுப்புங்கள். என் வாக்கு நாற்றங்காலுக்கே.