புதுப்பிப்பு: ரிடென்ஷன் போனஸைத் திருப்பிக் கட்டும் விவகாரம்

முன்பு கேட்டது: “ஜூன் கடைசியில் 3 லட்சம் போனஸ். வரி 93,600 போக கைக்கு வந்தது 2,06,400. ஓராண்டு முடியாமல் விலகுவதால் முழு 3 லட்சத்தையும் கேட்கிறார்கள். வாங்காத பணத்தை ஏன் கட்ட வேண்டும்?”

ஜனவரி 31-ல் விலகிவிட்டேன். கைக்கு வந்ததை மட்டும் கட்டினால் போதும் என்று ஒரு நண்பர் சொன்னது பாதிதான் சரி. நிறுவனம் தந்த போனஸ் கடிதத்தில் “வரிக்கு முந்தைய தொகை” என்றே இருந்தது.

சம்பளப் பிரிவில் வேலை பார்த்த அக்கா சொன்னதுதான் கைகொடுத்தது. நிறுவனம் போனஸை மார்ச் 31-க்குள் திரும்பப் பிடித்தால், அதை இந்த நிதியாண்டின் சம்பளத்திலிருந்தே கழித்து வரியைத் திருத்திவிடலாம். நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள். திருத்திய ஃபார்ம் 16-ல் போனஸ் இருக்காது. கூடுதலாகப் பிடித்த வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது திரும்பும். ஏப்ரலுக்குத் தள்ளிப்போயிருந்தால் அந்த 93,600-ஐ மீட்பது பெரும்பாடு.

அப்புறம், 12 மாதத்தில் 7 மாதம் வேலை செய்திருக்கிறேன். மீதி 5 மாதத்துக்கு 1,25,000 மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறேன். கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. பதில் இன்னும் வரவில்லை.